நாற்பது வயதுப் பொற்கொடிக்கு

“எனக்கு நானே எழுதின கடிதம் டீச்சர். இதைத் திருத்த ஹெட்மாஸ்டர் யாரு?”

பத்தாம் வகுப்புப் பொற்கொடி தாளை மேஜைமேல் போட்டாள். பிள்ளைகள் எல்லோரும் எதிர்காலத்துத் தங்களுக்கு எழுதும் கடிதங்களை ஒரு டிரம்மில் அடைத்துப் பள்ளியில் புதைக்கப் போகிறார்கள். அமலோற்பவம் டீச்சர் படித்தார்.

*அன்புள்ள நாற்பது வயதுப் பொற்கொடி,*
*காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை.*
*பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.*
*உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி காவல்.*
*இன்று காவல் என் முறை. கணக்குப் பாடம் போச்சு.*
*தாகம் எடுத்தால் நீயாவது தண்ணீர் குடிக்கிறாயா?*
*இப்படிக்கு,*
*பதினைந்து வயது நீ.*

கீழே தலைமையாசிரியரின் சிவப்பு மை: ‘பள்ளியின் இனிய நினைவுகளை எழுதவும்.’

இனிய நினைவாம். ஸ்டீல் டிரம் வாங்க முடிகிறது, அதைப் புதைக்கப்போகிற இடத்தில் கல்வெட்டு வைக்க முடிகிறது, தாழ்ப்பாளுக்கு மட்டும் வக்கில்லை. கதை சொல்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

டீச்சர் தாளின் மூலையிலிருந்த பின்னைக் கழற்றினார்.

“பின் துருப்பிடிச்சுத் தாளைத் தின்னுடும்.”

“டீச்சர், நான் என்ன சொல்றேன், நீங்க…”

“ஜெல் பேனாவில எழுதியிருக்கே. கொஞ்சம் ஈரம் பட்டாலும் ஊறிப் பரவிடும். பென்சில்ல எழுது. பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளாக நாளாக எழுத்தோட ஒட்டிக்கும். காகித உறை போதும். ஈரத்தை உறிஞ்சற பொட்டலம் டிரம்முக்குள்ள போடறாங்க.”

பொற்கொடிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் உட்கார்ந்து வேறு தாளில் பென்சிலால் ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். அவ்வளவு அழுத்தி எழுதியதில் இரண்டு தடவை முனை ஒடிந்தது.

“மாத்தலியா?” என்றார் டீச்சர்.

“மாட்டேன். மாத்தாட்டி டிரம்முல போட மாட்டாராம். நாளைக்கு வெல்டர் வந்து மூடியைப் பத்த வெச்சுடுவார்.”

“திறக்கிறது எப்போ?”

“இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு.”

“அதுவரைக்கும் இதை யாரும் படிக்கப் போறதில்ல.”

“ஆமா.”

“கடைசியில ஒரு கேள்வி கேட்டிருக்கே. அவ வந்து பதில் சொல்ற வரைக்கும் தாகத்தோடயே இருப்பியா?”

பொற்கொடி எழுந்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள்.

பிறகு தாளை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். அவர் டிரம்மின் மேல் ஒட்டப் பள்ளியின் பெயரை அச்சடித்து வைத்து, அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, மாத்திட்டியா?”

“மாத்தறேன் சார். பென்சில்லதான் எழுதியிருக்கேன்.”

“நல்ல பிள்ளை.”

பொற்கொடி தாளை அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ரப்பரை வைத்தாள்.

“நாளைக்கு வெல்டர் வர்றாரில்ல சார். முதல்ல எங்க கதவுக்குத் தாழ்ப்பாள் வெக்கச் சொல்லுங்க. வெச்சதும் அந்த வரியை நானே அழிச்சுடறேன்.”