செண்பகக்காவுக்குப் போன சுருக்கம்

ஆலடிக்குளத்தில் கொம்பையா, மாசாணம், சுடலைக்கண்ணு என்று அண்ணன் தம்பி மூன்று பேர். இவர்களிடம் யாரும் வேலை சொல்லமாட்டார்கள். சோம்பேறிகள் என்பதால் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்களே என்ற பயம்தான். ஒரு கல்யாணத்தில், "பந்தி முடியுற வரைக்கும் ஒருத்தரையும் மண்டபத்துக்குள்ள விடாதீங்கடே" என்று யாரோ வாய்தவறிச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வெயிலில் நின்றார். முகூர்த்தம் போய், அடுத்த முகூர்த்தத்தில்தான் தாலி ஏறியது.

இப்படிப்பட்ட மூன்று பேரை நம்பித்தான் கனடாவிலிருந்து செண்பகக்கா ஒரு வேலை சொன்னாள். வேறு ஆள் இல்லை, பாவம்.

அக்கா இவர்களுடைய பெரியப்பா பூலுடையாரின் ஒரே மகள். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனவள். அதிலிருந்து பெரியப்பா அவளோடு பேசவில்லை. போனில் அவள் குரல் கேட்டால், "சிக்னல் இல்ல" என்று சொல்லி, பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்கள் கையில் போனைத் திணித்துவிடுவார். அந்தப் பெரியப்பா இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவுக்கு விசா சிக்கல், வர முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று இங்கே படத்திறப்பு. அதே நாளில் அங்கே அவள் வீட்டிலும் ஒரு படம் வைத்து, தெரிந்தவர்களைக் கூப்பிட்டிருந்தாள்.

கொம்பையாவுக்கு அவள் அனுப்பிய குரல் செய்தி இது:

"எலே கொம்பையா, பேசுறவங்க எல்லாரையும் ரெக்கார்டு பண்ணு. போனை ஸ்பீக்கர் பெட்டிகிட்ட வைக்காத, இரைச்சல்தான் கேக்கும். பேசுறவங்க பக்கத்துலயே இருக்கட்டும். ஏரோபிளேன் மோடுல போட்டுரு, நடுவுல எவனாவது கூப்பிட்டா ரெக்கார்டு நின்னுரும். பிறகு கேட்டுக் கேட்டு, யார் என்ன சொன்னாங்கன்னு பேர் போட்டுச் சுருக்கமா எழுதி அனுப்பு. யாரையும் விட்டுராத. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தா ஒரு தடவை எழுதினா போதும். நீங்களா எதையும் சேக்காதீங்க. அதைத்தான் நான் இங்க எல்லார் முன்னாலயும் வாசிக்கப் போறேன்."

அதற்கப்புறம் மெதுவாக, "என்னைப் பத்தி அப்பா எதுவும் சொன்னதா யாராவது சொன்னா, அதை மட்டும் விட்டுராதலே. சொல்லலன்னா பரவால்ல."

அந்தக் கடைசி வார்த்தை கொம்பையாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. முட்டாளுக்கும் நெஞ்சு உண்டுதானே. இந்த ஒரு வேலையையாவது பிசகாமல் செய்துவிடவேண்டும் என்று குலசாமிக்கு நேர்ந்துகொண்டான்.

படத்திறப்பு அன்று காலையில் முதல் சந்தேகம் வந்தது.

"ஏரோபிளேன்ல போட்டா போன் அதுவே கனடா போயிராதாண்ணே?" என்றான் சுடலைக்கண்ணு.

"போனா நல்லதுதானல. அனுப்புற சோலி மிச்சம்" என்றான் மாசாணம்.

"ஆனா நமக்கு வேற போன் இல்லையே" என்றான் கொம்பையா. எதற்கும் இருக்கட்டும் என்று போனை ஒரு கயிற்றில் கட்டி, மறுமுனையை மாசாணத்தின் இடுப்பில் முடிந்தார்கள்.

பேசுகிறவர் பக்கத்திலேயே போன் இருக்கவேண்டும் அல்லவா? மாசாணம் ஒவ்வொருவர் மோவாய்க்குக் கீழேயும் போனை நீட்டிக்கொண்டு நின்றான். பேச்சு முடிந்து இறங்கியவர்கள் பின்னாலும் போனான், அவர்கள் இறங்கிய பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கொம்பையாவின் மாமனார், சம்பந்தி சோமசுந்தரம் கை கழுவப் போனார், கூடவே போனான். பெரியப்பாவின் உயிர்ச் சிநேகிதர் ஆயிரத்தான் பந்தியில் உட்கார்ந்தார். அவர் இலைக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் நடுவில் போனை வைத்துவிட்டுக் காவல் இருந்தான். கயிறு ரசத்தில் நனைந்தது.

சாப்பாடு முடிந்து, பந்தல் காலியானதும் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அக்காவுக்குப் பொழுது விடியும்போது இங்கே சாயங்காலம். அதற்குள் செய்தி போய்ச் சேரவேண்டும்.

சுடலைக்கண்ணுதான் சுருக்க ஒரு வழி சொன்னான். ரெக்கார்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டான். ஊர்த்தலைவர் அணில் மாதிரிக் கீச்சுக்கீச்சென்று அழுதார்.

"பாத்தியாண்ணே, பாதியாச் சுருங்கிப் போச்சு!"

"அக்கா எழுதத்தானல சொன்னா. அணிலை அனுப்பச் சொல்லல" என்றான் கொம்பையா. அன்றைக்கு அவன் சொன்னதிலேயே புத்தியான பேச்சு அதுதான்.

அதனால் கொஞ்சம் கேட்பது, நிறுத்துவது, எழுதுவது என்று முறையாகவே தொடங்கினார்கள். புரியாத இடத்தைப் பின்னால் தள்ளித் திரும்பக் கேட்டார்கள். குரல் யாருடையது என்று சந்தேகம் வந்தால் மூன்று பேரும் சம்மதித்த பிறகே பேர் போட்டார்கள். படித்தவர்கள்கூட இவ்வளவு பொறுப்பாகச் செய்திருக்கமாட்டார்கள். என்ன, முதலில் பேசியது மைக் செட்டுக்காரர்.

"அவர் ஹலோன்னுதானண்ணே சொன்னாரு. அது பேச்சா?"

"யாரையும் விட்டுராதன்னு சொல்லிருக்கா. மைக்குல முதல்ல பேசுனதே அவர்தான்."

"ஏழெட்டு ஹலோ இருக்கே."

"திரும்பத் திரும்பச் சொன்னா ஒண்ணு போதும்."

ஒரு ஹலோ எழுதினார்கள். அடுத்து ஊர்த்தலைவர். "பூலுடையார் தங்கமான மனுசன், அவர் இழப்பு ஈடுசெய்ய முடியாதது" என்றிருந்தார். எழுதினார்கள். அடுத்து சம்பந்தி சோமசுந்தரம். அவரும் தங்கமான மனுசன் என்றே அழுதிருந்தார். அதற்கடுத்தவரும் அதே தங்கம். ஏற்கெனவே எழுதியாயிற்றே! ஆகவே சம்பந்தி அரைமணி நேரம் அழுது பேசியதில் மிஞ்சியது "இந்த மைக்கைக் கொஞ்சம் இறக்குங்க" என்பது மட்டும்தான். அதை எழுதினார்கள். நடுவே யாரோ மைக்கில் வெள்ளைக் காரை எடுக்கச் சொல்லியிருந்தார், அதையும் எழுதினார்கள்.

மேடைப் பேச்சு எல்லாம் முடிந்தது. செண்பகக்கா பேரை ஒருவரும் எடுக்கவில்லை. எல்லாரும் நாசூக்காக அந்தப் பக்கமே போகாமல் பேசியிருந்தார்கள்.

கொம்பையா மெதுவாகக் கேட்டான். "எலே, 'செண்பகத்தை நெனச்சுக்கிட்டே இருந்தாரு'ன்னு நாமளே ஒரு வரி போட்ருவோமா?"

தம்பிகள் இருவரும் திடுக்கிட்டுப் போனார்கள்.

"நீங்களா சேக்காதீங்கன்னு அக்கா சொன்னது காதுல விழலையா?" என்றான் மாசாணம்.

"ஒரே ஒரு வரிலே."

"சாம்பார்ல ஒரே ஒரு பல்லி விழுந்தாலும் விழுந்ததுதானண்ணே."

அக்கா அங்கே பத்துப் பேர் முன்னால் ஹலோவிலிருந்து காரை எடுப்பதுவரை வாசித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பார்த்து நிற்பாளே என்று நினைத்து, கொம்பையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். ரெக்கார்டை நிறுத்து என்று யாரும் சொல்லாததால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பந்திச் சத்தம். இலையில் கரண்டி. நடுவே ஆயிரத்தான் பக்கத்து இலைக்காரரிடம் பேசுவது கேட்டது.

"மோர்க்குழம்பு இந்தப் பக்கம் ஊத்துங்க... அந்தக் கூத்தை ஏன் கேக்கீரு! மக கனடாவுலேர்ந்து ஸ்வெட்டர் அனுப்பிருந்தால்லா? 'எவனுக்கு வேணும்'னு மூலைல எறிஞ்சவன், கதவைச் சாத்திக்கிட்டுச் சித்திரை வெயில்ல அதைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். வேர்த்து ஊத்தும். நான் கதவைத் தட்டினா கழட்டித் தலகாணிக்கு அடியில ஒளிப்பான். 'என்னடே வேர்வை'ன்னு கேட்டா, 'காய்ச்சல்'ம்பான். கடேசி வரைக்கும் தொவைக்க விடல, தெரியுமா? அப்பளம் இருக்கா?"

கொம்பையா துண்டை எடுத்தான். "எழுதுலே! எழுதுலே!"

"இது பேச்சு இல்லையேண்ணே. மைக் இல்ல" என்றான் சுடலைக்கண்ணு.

"ஏன்டா, நீ என்கிட்ட இப்பப் பேசுறியே, மைக் இருக்கா?"

சுடலைக்கண்ணு தன் கையைப் பார்த்தான். இல்லை. அப்படியானால் பிறந்ததிலிருந்து தான் பேசியதெல்லாம் என்ன என்று அவனுக்கே கவலையாகிவிட்டது. ஒருவழியாக, இலைக்கு முன்னால் பேசுவதும் பேச்சே என்று தீர்மானமாயிற்று. ஆனால் பேச்சு என்றால் முழுவதும் எழுதவேண்டும், ஸ்வெட்டருக்கு ஒரு நியாயம் அப்பளத்துக்கு ஒரு நியாயமா என்றான் மாசாணம். அப்பளமும் ஏறியது.

அனுப்பினார்கள். செய்திக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரப் படம் வந்தது.

"கடிகாரம் வந்திருக்கு. அக்காவுக்கு இன்னும் விடியல போல" என்றான் மாசாணம். மூன்று பேரும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். கொம்பையாவின் மனைவியுடைய போன் அலறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"எலே, எங்கலே செய்தி? இங்க எல்லாரும் வந்தாச்சு!"

"எப்பவோ அனுப்பியாச்சுக்கா."

"ஏரோபிளேன் மோடை எடுத்தியா?"

"போடச் சொன்ன, போட்டேன். எடுக்கச் சொல்லலியே."

அக்கா சொன்னாள். என்ன சொன்னாள் என்று இங்கே எழுத முடியாது. மோடை எடுத்ததும் செய்தி பறந்தது. இப்படித்தான் அது அங்கே வாசிக்கப்பட்டது:

"மைக் செட்டுக்காரர்: ஹலோ.
ஊர்த்தலைவர்: தங்கமான மனுசன். இழப்பை ஈடுசெய்ய முடியாது.
சம்பந்தி சோமசுந்தரம்: மைக்கை இறக்கவும்.
யாரோ, குரல் தெரியவில்லை: வெள்ளைக் காரை எடுங்க.
ஆயிரத்தான்: மோர்க்குழம்பு வேண்டும். செண்பகம் அனுப்பிய ஸ்வெட்டரைப் பூலுடையார் கதவைச் சாத்திக்கொண்டு வெயிலில் போட்டிருப்பார். ஆள் வந்தால் ஒளிப்பார். கடைசி வரை துவைக்க விடவில்லை. அப்பளம் இருக்கா."

கொம்பையா நகத்தைக் கடித்து முடித்துத் தம்பி நகத்துக்கு வந்துவிட்டான். அப்புறம் அக்காவின் குரல் வந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மூன்று பேருக்கும் பிடிபடவில்லை.

"முட்டாப்பயலுவளா... உங்களை மாதிரி யாருலே எழுதுவா? கார் வரைக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்குப் பிறகு என்னால வாசிக்க முடியல. உங்க அத்தான்தான் மீதியை வாசிச்சாரு. எலே, அந்த ஸ்வெட்டரைத் தொவைச்சுராதீங்க. இப்ப நான் பேசுறதை அப்பா படத்துக்கு முன்னால போட்டுக் காட்டுங்க. அப்பா, நான் செண்பகம். எம்மேல கோவம் போயிருச்சாப்பா? என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்லுலே கொம்பையா."

கேட்டுச் சொல் என்றால் கேட்டுச் சொல்லவேண்டியதுதானே. மறுநாள் காலையில் பெரியப்பா படத்தைக் கீழே இறக்கினார்கள். ஸ்வெட்டரை மாட்டிவிட்டார்கள். அதைப் போட்டால் அவருக்குக் கதவு சாத்தியிருக்கவேண்டும் என்பதால் கதவைச் சாத்தினார்கள். அக்கா குரலைப் போட்டுவிட்டு, கொம்பையா மனைவியின் போனை அவர் மோவாய்க்குக் கீழே வைத்து ரெக்கார்டு போட்டார்கள். மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது. சுவரில் ஒரு பல்லி சத்தம் போட்டது. மத்தியானம்வரை காத்திருந்து, முழுவதையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒருவருக்கொருவர் சரிபார்த்து, ஏரோபிளேன் மோடை மறக்காமல் எடுத்துவிட்டு, அக்காவுக்குச் சுருக்கம் அனுப்பினார்கள்:

"பூலுடையார் பெரியப்பா: கோபம் இருக்கிறது என்று சொல்லவில்லை. இதையே அவர் மத்தியானம்வரை திரும்பத் திரும்பச் சொல்லாமல் இருந்ததால், ஒரு தடவை மட்டும் எழுதியிருக்கிறோம்.
பல்லி: ஆமா. மைக் இல்லாமல்."