உதயம் இல்லாத பிரதமை

கோதாவரிக் கரையில் ஓர் ஊர். கீழத்தெருவில் தெலுங்கர்கள், மேலத்தெருவில் மராட்டியர்கள். ஒருவருக்கு உகாதி, மற்றவருக்குக் குடி பாட்வா. நாள் மட்டும் ஒன்றுதான். சைத்ர மாதத்து வளர்பிறையின் முதல் திதி, பிரதமை.

அந்த நாளைக் கணித்துச் சொல்பவர் விரூபாட்ச அவதானி. அவரிடம் பஞ்சாங்கக் கணிதம் கற்றவர் தத்தோபா. குருவைவிட சீடருக்கு எட்டு வயது கூடுதல். அதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

இந்த வருஷ உகாதியன்று, பொழுது விடிந்து மூன்று நாழிகைக்குள் தத்தோபா குருவின் வீட்டுக்கு வந்துவிட்டார். அவதானி உகாதிப் பச்சடிக்காக முற்றத்தில் உட்கார்ந்து வேப்பம்பூ உருவிக்கொண்டிருந்தார்.

"வாரும். பஞ்சாங்கம் படிக்க இன்னும் நேரம் இருக்கிறதே. வீட்டில் கொடி ஏற்றியாயிற்றா?"

தத்தோபா முற்றத்து ஓரமாக உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம் மேலத்தெருவில் பாட்வாக் கொடிகளாக மூங்கில் கழிகள் எழுந்து நின்றன. நுனியில் புதுப்பட்டு, வேப்பிலைக் கொத்து, சர்க்கரை வில்லை மாலை, மேலே கவிழ்த்த செம்பு. அவர் தலைகுனிந்தே நடந்து வந்திருந்தார்.

சென்ற வருஷம் பங்குனி அமாவாசையன்று அவருடைய ஒரே மகன் ஆற்றோடு போனான். நேற்றுப் பிற்பகல் அமாவாசைத் திதியில் தலைத்திவசம் முடிந்தது. வருஷத் தீட்டு கழிந்துவிட்டது, இனி நல்ல நாள் கொண்டாடலாம் என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் இருப்பது அவரும் மருமகள் சுமனும்தான். கொடியை வீட்டுப் பெரியவர்தான் ஏற்ற வேண்டும்.

"பாட்வா இன்றைக்கு இல்லை, நாளைக்குத்தான் என்று சுமனிடம் நேற்று ராத்திரியே சொல்லிவிட்டேன்" என்றார் தத்தோபா.

அவதானியின் கை நின்றது. "இந்த வருஷக் கணக்கைப் போட்டதே நீர்தானே?"

"நான்தான்."

"அவள் என்ன சொன்னாள்?"

"'சரி மாமா' என்றாள். பஞ்சாங்கக்காரன் வீட்டில் நாளைச் சந்தேகப்படுவார்களா?"

"அந்தத் தைரியத்தில்தான் பொய் சொன்னீரா?"

"முழுப் பொய் இல்லை, சுவாமி. இன்று சூரியன் உதித்தபோது இருந்தது அமாவாசை. உதயத்தில் எந்தத் திதியோ, நாள் அதற்குத்தானே சொந்தம்?"

அவதானி உள்ளே போய் ஓர் ஓலைக்கட்டை எடுத்து வந்தார். தத்தோபாவின் கையெழுத்து.

"படியும்."

"அமாவாசை, உதயத்துக்கு மேல் இரண்டு நாழிகை. பிறகு பிரதமை."

"அது எதுவரை?"

"மறுநாள் உதயத்துக்கு இரண்டு நாழிகை முன்பு வரை."

"நாளை உதயத்தில்?"

தத்தோபா மெல்லச் சொன்னார். "துவிதியை."

"அப்போது பிரதமைக்கு எந்த உதயம்?"

"எதுவும் இல்லை."

"உதயம் கிடைக்காத பிரதமைக்குப் பண்டிகை என்றைக்கு?"

"அமாவாசை உதித்த நாளிலேயே. இன்றைக்கே."

"எழுதும்போது தெரிந்திருக்கிறது."

"எழுதும்போது அது எண் சுவாமி! நேற்றுப் பிண்டம் வைத்த கை இது. அதே இருட்டு இன்றைக்கும் உதித்திருக்கிறது. இந்த உதயத்திலா நான் பட்டுக் கட்டி ஏற்றுவேன்? நாளை மாலை பிறையாவது கண்ணில் படும்."

"படும். எல்லோரும் கைகூப்புவார்கள். ஆனால் அது இரண்டாம் பிறை. முதல் பிறையை நீர் எப்போதாவது பார்த்திருக்கிறீரா?"

"இல்லை. சூரியனோடேயே மறைந்துவிடுகிறது. யாரும் பார்ப்பதில்லை."

அவதானி வேப்பம்பூவை மீண்டும் உருவத் தொடங்கினார். தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

"பார்க்கவே முடியாத ஒன்று வந்துவிட்டது என்று எப்படி நம்புவது?" தத்தோபா கேட்டார். "எனக்குள் எதுவும் மாறவில்லையே."

அவதானி அடுத்த கொத்தை எடுத்தார்.

"நீர் கிளம்பும்போது சுமன் என்ன செய்துகொண்டிருந்தாள்?"

"தெரியாது. உள்ளே இருந்தாள். விடிவதற்கு முன்பே நான் ஆற்றங்கரைக்குப் போய்விட்டேன். அங்கிருந்து நேரே இங்கே வந்தேன்."

"புறப்படும்போது முற்றத்தில் ஒன்றும் பார்க்கவில்லையா?"

தத்தோபா யோசித்தார். "மூங்கில் கழி கிணற்றடியில் சாய்ந்திருந்தது. கழுவி வைத்திருந்தாள். நீர் சொட்டிக்கொண்டிருந்தது."

அவதானி கடைசிக் காம்பை உருவிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கு வேண்டிய கழியை, தத்தோபா, இன்றைக்கு விடிவதற்கு முன்பே ஏன் கழுவினாள்?"

"தெரிந்தேதான் 'சரி மாமா' என்றிருக்கிறாள்" என்றபடி தத்தோபா எழுந்து வீட்டை நோக்கி நடந்தார்.