சன்னல் கண்ணாடியில் ஒரு சட்டைப்பை

இது நான் பார்த்ததல்ல; பூங்கோதையோடு கல்லூரியில் படித்த ஒருவர் சொல்லக் கேட்டது.

பூங்கோதையின் அப்பா மஸ்கட்டுக்குப் போய் ஒன்பது வருடம். அப்போது கல்லூரியில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஒரு திரைப்படத்திலும் கணவன் வீட்டைவிட்டுப் போகிறான். கடைசிக் காட்சியில் மனைவி அறைக்குள் நிற்க, சன்னல் கண்ணாடியில் அவன் தெரிகிறான்.

“வெளியே நின்னு கடைசியா ஒரு தடவை பாக்குறான்,” என்றான் பூங்கோதையின் நண்பன் நிரஞ்சன், கல்லூரித் திரைப்பட மன்றத் தலைவன்.

“இல்லடா, திரும்பி வந்துட்டான்,” என்றாள் பூங்கோதை. “ அறைக்குள்ள அவளுக்குப் பின்னால நிக்கிறான். கண்ணாடியில தெரியறது பிம்பம்.”

“அது உன் ஆசை. நிரூபி. இல்லன்னா நாளைக்கு மன்றத்துல நீ பேசக் கூடாது.”

பூங்கோதை செல்பேசியில் காட்சியை நிறுத்தினாள். “அவன் வீட்டைவிட்டுக் கிளம்புறப்பவும் இதே சட்டைதான். அப்போ சட்டைப்பை எந்தப் பக்கம்?”

“இடது.”

“இங்கே?”

“வலது. காட்சியையே இடவலமாத் திருப்பிப் போட்டிருப்பாங்க.”

“அப்போ சன்னலுக்குப் பக்கத்துச் சுவர்ல நாள்காட்டி எண் மட்டும் எப்படி நேரா இருக்கு? பிம்பத்துலதான் இடம் வலமாகும். எங்கம்மா சட்டைக்குப் பை தைக்கிறவங்கடா, தலைவரே!”

நிரஞ்சன் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். “சரி, நாளைக்கு நீயே பேசு.”

அவள் அந்தப் பிம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

பிறகு நானும் விசாரித்தேன். அவளுடைய அப்பா இன்னும் மஸ்கட்டில்தான் இருக்கிறார்.