சிவப்பு நூல் தீர்ந்த கடை

"வைரவண்ணே, நீ குடுத்த ஆப்பசோடா எதுன்னு பாரு. மாவுல போட்டுக் கலக்குனா கை சோப்பு மாதிரி வழுக்குது." ஆப்பக்காரி பேச்சியக்கா மிச்சப் பொட்டலத்தைப் பெரியப்பா மூஞ்சிக்கு நேரா நீட்டினா.

ஒரு ஊர்ல ஒரு மளிகைக்கடை, அந்தக் கடைக்கு ஒரு முதலாளி, அந்த முதலாளிக்கு ஒரு தம்பி மகன். அது நான்தான். எட்டு வயசு. பேப்பர்ல பொட்டலம் மடிக்கணும், நூல் சுத்தணும், கேக்குறவங்களுக்கு எடுத்துக் குடுக்கணும். எங்க பொட்டலத்துல பேரு எழுத மாட்டோம், நூல்தான் பேரு. ஆப்பசோடாவுக்கு வெள்ளை நூல், துணி வெளுக்குற சோடாவுக்குச் சிவப்பு நூல். ரெண்டும் வெள்ளைப் பொடி. முந்தின நாள் சிவப்பு நூல் தீர்ந்துபோச்சு. "வெள்ளையிலயே கட்டுடா, தட்டைத் தனியா வை"ன்னாரு பெரியப்பா. கட்டினேன், தனியா வச்சேன். காலையில இடம் பத்தலைன்னு அவரே ரெண்டு தட்டையும் ஒண்ணாக் கொட்டிட்டாரு.

ஆனா ஒத்துக்குவாரா? "உன் கை அழுக்கு, பேச்சி. இது ஆப்பசோடாதான்." சொல்லிட்டு ஒரு சிட்டிகை அள்ளி நாக்குல போட்டாரு. அப்புறம் துப்பினாரு, தண்ணி ஊத்தினாரு, மறுபடி துப்பினாரு. நாக்கு வெந்துபோச்சு.

காலையில ஆப்பசோடான்னு போனது மூணு பொட்டலம். ஒண்ணு பேச்சியக்காது. ஒண்ணு வடைக்கடை உசேன் பாய்க்கு. இன்னொண்ணு செபஸ்தியான் தாத்தாவுக்கு. அவரு வாயுன்னு சொல்லி, சாப்பிட்டதும் தண்ணியில கலக்கி ஒரே மடக்காக் குடிக்கிற ஆளு. மணி ஒண்ணாயிருச்சு.

"பெரியப்பா, தாத்தா குடிச்சிருவாரு."

"உக்காருடா," அவரு வாயைப் பொத்திக்கிட்டே சொன்னாரு. "கடை பேரு போயிரும்."

நான் பலகைக்கு அடியில நுழைஞ்சு ஓடினேன். வடைக்கடை வழியில. விரலை நனைச்சு உசேன் பாய் பொட்டலத்துப் பொடியைத் தேய்ச்சேன், வழுக்கல. அது நல்லது. அப்புறம் தேவாலயத்துத் தெரு, அப்புறம் கிணத்துச் சந்து, அப்புறம் தாத்தா வீடு. தாத்தா டம்ளரை வாய்க்கிட்ட கொண்டுபோயிட்டாரு. நான் தட்டிவிட்டேன்.

"கிறுக்கு பிடிச்சிருச்சாடா உனக்கு?"

மிச்சப் பொடியை நனைச்சு அவரு விரல்லயே தேய்ச்சேன். வழுக்குச்சு. தாத்தா அப்படியே கட்டில்ல உக்காந்துட்டாரு.

பெரியப்பாவுக்கு நாக்கு வீங்கி நாலு நாள் கஞ்சிதான், அதுவும் ஆறவச்சு. பேச்சு வந்ததும் முதல்ல என்னைத்தான் கூப்பிட்டாரு. "தாத்தா மகன் கேக்க வருவான். நான்தான் தெரியாம மாத்திக் கட்டிட்டேன்னு சொல்லு. சின்னப்பய, விட்டுருவாங்க."

தாத்தா மகன் வந்தாரு, பேச்சியக்கா வந்தா, உசேன் பாயும் வந்தாரு. மூணு பேரும் என்னைத்தான் பாத்தாங்க. பெரியப்பாவும் பாத்தாரு.

நான் அப்படிச் சொல்லல.