வேலாயியின் கணக்கில் ஆறு பேர்

வேலாயி என்ற முள்ளம்பன்றி ஓடைக்கரை வளையில் தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. குட்டிகள் பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் மேற்கே வானம் கறுத்தது. நாளை மழை கொட்டினால் ஓடை நிரம்பி நேரே வளைக்குள் வந்துவிடும். வேறு வளை தோண்ட நேரமில்லை.

காட்டில் எல்லோர் கையிலும் போன் இருந்த காலம் அது. வேலாயி குரூப்பில் செய்தி போட்டது.

"நாளைக் காலை ஏழு மணிக்கு ஓடைக்கும் என் வளைக்கும் நடுவுல கரை போடணும். ஆறு பேர் இருந்தாத்தான் முடியும். என் குட்டிங்க உயிர் இதுலதான் இருக்கு. யார் வர்றீங்க?"

முதல் ஆளாகக் குரங்கு குதித்தது. "நான் இல்லாமலா! என் பேரை முதல்ல எழுதுங்கக்கா!" கூடவே பத்துக் கைதட்டல் பொம்மைகள்.

"கண்டிப்பா வரப் பார்க்கிறேன்!" என்றது நரி.

"பார்த்துட்டுச் சொல்றேன்க்கா" என்றது மான்.

முயல் ஒரு கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டியது.

"வர்றேன். ஆறே முக்காலுக்கெல்லாம் அங்க இருப்பேன். மண்வெட்டி இருக்கா, நான் கொண்டு வரவா?" என்று கேட்டது ஆமை.

கடைசியில் உடும்பு எழுதியது: "என்னை எண்ணாதீங்கக்கா. நாளைக்கு என்னால வர முடியாது."

வேலாயிக்குச் சுருக்கென்றது. "ஆபத்துக்கு உதவாத ஜென்மம்! குரங்கைப் பாரு, என்ன பாசம்!" என்று முணுமுணுத்தது. கணக்குப் போட்டது. குரங்கு, நரி, மான், முயல், ஆமை. ஐந்து. உடும்பு கைவிரித்ததால் ஒரு இடம் காலி. வேறு வழி? குரூப்பிலேயே இல்லாத பெருச்சாளியின் வீட்டுக்கு நடந்தே போய்க் கூப்பிட்டது. அதுவும் சரி என்றது.

உடனே குரூப்பில் போட்டது: "ஆறு பேர் சேர்ந்தாச்சு. எல்லாருக்கும் நன்றி!"

அதைப் படித்த காட்டெருமை, பதில் எழுத எடுத்த போனைத் திரும்ப வைத்துவிட்டது.

மறுநாள் ஆறே முக்காலுக்கு ஆமை மண்வெட்டியோடு நின்றது. ஏழுக்குப் பெருச்சாளி வந்தது. ஏழரைக்கும் வேறு யாரும் வரவில்லை. தூறல் விழத் தொடங்கியது!

வேலாயி பதறிப்போய் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது. "வர்றியா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு!"

குரங்கு: "வந்துக்கிட்டே இருக்கேன்க்கா!" அப்போது அது கிளையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

மான்: "பார்த்துட்டுச் சொல்றேன்னுதானே சொன்னேன்? வர்றேன்னு எப்போ சொன்னேன்?"

முயல்: "விரல் போட்டது, படிச்சிட்டேன்னு சொல்றதுக்குக்கா."

நரியிடமிருந்து பதிலே இல்லை.

வேலாயிக்கு அழுகை முட்டியது. தப்பு தன்னுடையதுதான் என்று அப்போது விளங்கியது. வராதவர்களின் பெயரையெல்லாம் தானே எழுதி இடத்தை அடைத்து வைத்திருந்தது! உடும்பு விட்டுக்கொடுத்த இடத்துக்கு மட்டுமே மாற்று ஆள் தேடியிருந்தது. அந்த ஆள்தான் இப்போது மண் அள்ளிக்கொண்டிருந்தது.

வெட்கத்தை விட்டுவிட்டு மறுபடி குரூப்பில் எழுதியது: "ஆறு பேர்னு நான் போட்டது தப்பு. ரெண்டு பேர்தான் இருக்காங்க. தண்ணி ஏறுது. நிஜமா வர்றவங்க மட்டும் எத்தனை மணிக்கு வருவீங்கன்னு சொல்லுங்க!"

மறு நொடியே காட்டெருமை எழுதியது: "ஏன்மா இதை நேத்தே சொல்லக்கூடாதா? ஆளு போதும்னு நினைச்சுத்தான் சும்மா இருந்தேன். பத்து நிமிஷம்!"

பத்தாவது நிமிஷம் வந்து நின்றது. நாலு பேர் வேலையை ஒரே ஆளாகச் செய்தது. கொம்பால் பாறைகளை உருட்டித் தள்ள, ஆமையும் பெருச்சாளியும் வேலாயியும் சந்தில் மண்ணை அடைத்தார்கள். தண்ணீர் வளை வாசலை ஒரு தடவை நக்கிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பியது. குட்டிகளின் கால்கூட நனையவில்லை. வேலாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மழை விட்டதும் குரங்கு எழுதியது: "அக்கா, முடிஞ்சுதா? நான் கிளம்பத்தான் பார்த்தேன்!"

வேலாயி போனை வைத்துவிட்டு நேராக உடும்பின் பொந்துக்குப் போனது.

"நேத்து உன்னை மனசார திட்டிட்டேன் தம்பி. மன்னிச்சுக்கோ. அந்தக் கூட்டத்துல ஆமையும் நீயும்தான் எனக்கு நிஜத்தைச் சொன்னீங்க."

உடும்பு கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டது. "முடியாதுன்னு சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சுக்கா" என்றது.

வாய் இனிக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவரைவிட, நேரத்தோடு முடியாது என்று சொல்பவரே உண்மையில் உதவி செய்தவர்.