கலத்தில் கீறிய பெயர்

ஆலங்கரைக்கு மேற்கே உள்ள குன்றில் சமண முனிவர்கள் தங்கும் பள்ளியாக ஒரு குகை ஒழுங்காகிக்கொண்டிருந்தது. உள்ளே பாறையைச் செதுக்கி, தலைமாட்டில் சற்றே உயர்த்தி, படுக்கைகள் வெட்டியாயிற்று. மழைநீர் உள்ளே வழியாமல் முகப்பிலேயே சொட்டிவிட, நெற்றிப்பாறையின் குறுக்கே நீளப் பள்ளமாக ஒரு காடியும் வெட்டியாயிற்று. அந்தக் காடிக்குக் கீழே ஒரு வரி எழுத்துப் பொறிப்பதுதான் பாக்கி.

எழுதும் பொறுப்பை ஆசான் இயக்கனார் தம் சீடர் வசுபூதியிடம் விட்டிருந்தார்.

ஆசானுக்கு வயது நாற்பதுக்குள். சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனால் துறவில் மூப்பைத் தீட்சை பெற்ற நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். வசுபூதி உச்சயினி அரண்மனையில் எழுத்தராக இருந்து, தலை முழுதும் நரைத்தபின் துறவு பூண்டு, முனிவர் கூட்டத்தோடு தெற்கே வந்தவர். வடமொழிகளும் வந்தபின் கற்ற தமிழும் அவருக்கு நன்றாகத் தெரியும். தம் கையெழுத்தின் அழகும் அவருக்குத் தெரியும்.

அவர் செங்காவியில் ஒரு வரி எழுதி முடித்திருந்தார். எழுத்துகள் நூல் பிடித்தாற்போல் நின்றன. மொழி வடக்கின் பிராகிருதம். குருமார்களின் பரம்பரை முழுவதும் வந்து, கடைசியில் ‘ஓர் இல்லறத்தான் தந்தது’ என்று முடிந்தது.

செலவு முழுவதும் ஏற்ற உப்பு வணிகர் அந்துவன் அதைப் பார்க்க மேலே ஏறி வந்தார். உப்பு வண்டியோடு நாடெல்லாம் அலைந்து கறுத்த மனிதர். பாறைக்குக் கீழே நின்று, உதடு அசைய ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். கடைசி வரை போனார். மறுபடி முதலிலிருந்து வந்தார்.

“ஒலி தெரிகிறது அடிகளே, பொருள் தெரியவில்லை. கொற்றி பேர் எந்த இடத்தில் வருகிறது?”

கொற்றி அவர் மனைவி. சென்ற மாரிக்காலத்தில் இறந்துபோனவள். இந்தப் படுக்கைகளை அவள் பேரால்தான் அவர் செய்வித்தார். அது வசுபூதிக்கும் தெரியும். பெயர்கள் இங்கே முக்கியமில்லை, அறம் ஆளைப் பார்ப்பதில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். அந்துவன் தலையாட்டினார். படியில் இறங்கும்போது இருமுறை திரும்பிப் பாறையைப் பார்த்தார்.

உளியைத் தீட்டிக்கொண்டிருந்த கல்தச்சன் கண்ணந்தை, வசுபூதிக்குக் கேட்கும்படியாகவே சொன்னான்: “சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் சாமிகளே. அடுத்த குன்றில் வேலை காத்திருக்கிறது. உளி விழுந்தபிறகு பேர் விட்டுப்போச்சு என்று வந்தால் நான் மலையைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.”

இயக்கனார் இதையெல்லாம் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். வசுபூதி அவரிடம் வந்து தம் பக்கத்தைச் சொன்னார். எங்கள் நாட்டில் பாறையில் எழுதுவது அரசன் ஆணை. அதையும் ஓர் அதிகாரி உரக்கப் படித்தால்தான் குடிகள் அறிவார்கள். இங்கே இருப்பவர்கள் உப்பு விற்கிறவர்களும் உழுகிறவர்களும்; அந்துவன் ஒருவர் கணக்குக்காக எழுத்துக் கற்றிருக்கலாம். இந்த வரியைப் படிக்கப்போகிறவர்கள் வழிப்போக்கு முனிவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்த மொழியில் இருப்பதே முறை.

“தமிழில் எழுதினால், அதைப் படிக்க யார் இருக்கிறார்கள் அடிகள்?” என்று கேட்டார்.

இயக்கனார் குகையின் மூலையைக் காட்டினார்.

முந்தைய நாள் படுக்கை வெட்டி முடிந்ததற்காக ஊரார் கல்தச்சர்களுக்குச் சோறு கொண்டுவந்திருந்தார்கள். பாதி விருந்தில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் முக்காடிட்டுக்கொண்டு ஓடினார்கள். கலங்களை வேலையாட்கள் கழுவி, வீடு வேறு பாராமல் மூலையில் குவித்து வைத்திருந்தார்கள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக மினுமினுக்கும் கலங்கள். எல்லாம் ஒரே சூளையில் வெந்தவை, ஒன்றுபோலவே இருந்தன.

“இவற்றை உரியவர்களுக்குப் பிரித்து வையும்” என்றார் ஆசான்.

வசுபூதி ஒரு கலத்தை எடுத்துத் திருப்பினார். தோளுக்குக் கீழே கீறல்கள் இருந்தன. வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். எழுத்து. ‘சாத்தன்’ என்று இருந்தது. அடுத்ததில் ‘உதிரன்’. இன்னொன்றில் ஏணி போல ஒரு குறி, பக்கத்திலேயே ‘ஆதன்’ என்று பெயர்.

அவர் சிரித்தார். “இந்த ஊர்க் குயவன் கெட்டிக்காரன். வாங்குகிறவன் பேரை எழுதியே விற்கிறான்.”

“குயவனா?”

“வேறு யார்?”

இயக்கனார் இரண்டு கலங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஒன்றில் குயவனின் அடையாளமாக ஒரு மீன் குறி. மற்றதில் சாத்தனின் பெயர்.

“கண்ணை மூடிக்கொண்டு விரலால் பாரும்.”

வசுபூதி விரலை வைத்தார். மீன் குறியின் பள்ளம் வழவழவென்று இருந்தது. பள்ளத்தின் இரு கரையிலும் மண் ஒதுங்கி மெல்லிய வரப்பாக எழும்பியிருந்தது. ஈர மண்ணில் குச்சியால் இழுத்தால் அப்படித்தான் ஒதுங்கும். பெயரின் கீறல் அப்படி இல்லை. விரலைச் சுரண்டியது. கரைகள் பொடிப்பொடியாகப் பெயர்ந்திருந்தன. கண்ணைத் திறந்து பார்த்தார். மீனின் பள்ளத்துக்குள்ளும் கலத்தின் சிவப்பே இருந்தது. பெயரின் கீறலுக்குள் மேற்பூச்சு பெயர்ந்து, உள் மண் வெளிறித் தெரிந்தது.

“இது சூளைக்கு முன்னால் போட்டது” என்றார் வசுபூதி மெதுவாக. “இது வெந்த பிறகு, இரும்பு முனையால்.”

“வெந்த பிறகு கலம் யார் வீட்டில் இருக்கும்?”

வசுபூதிக்குள் இருந்த அரண்மனை எழுத்தர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். ஊரில் எழுத்தறிந்த ஒருவன் இருந்திருப்பான், வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் அவனே கீறிக் கொடுத்திருப்பான் என்றார்.

“இருக்கலாம்” என்றார் இயக்கனார். “கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது உமக்குத் தொழில். அந்த ஒருவனுடைய கலங்களை ஒரு பக்கம் ஒதுக்கும்.”

வசுபூதி வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எத்தனையோ ஓலைகளில் கள்ளக் கையெழுத்தைப் பிடித்துக் கொடுத்தவர் அவர். இது விளையாட்டு என்று நினைத்தார். ஒரு கலத்தை வலப்பக்கம் வைத்தார். அடுத்தது அதே கையாக இல்லை, இடப்பக்கம் வைத்தார். மூன்றாவது இரண்டிலும் சேரவில்லை. பொழுது ஏற ஏற, கலங்கள் தரையெங்கும் தனித்தனியாகப் பரவின. ஒருவன் அவசரக்காரன், எழுத்துகள் சாய்ந்து ஓடின. ஒருவன் கலத்தை மடியில் கவிழ்த்து வைத்து எழுதியிருக்கிறான், எழுத்தெல்லாம் தலைகீழாக நின்றன. ஒருவன் முதல் எழுத்தைப் பெரிதாகத் தொடங்கி, இடம் போதாமல் கடைசி எழுத்தைக் கழுத்தருகே ஏற்றிவிட்டிருந்தான். ஒருத்தி தவறாகக் கீறி, அதன்மேல் கோடிழுத்து அடித்துவிட்டு, பக்கத்தில் திருத்தி எழுதியிருந்தாள்.

அந்தக் கலத்தை அவர் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். கூலிக்கு எழுதுகிறவன் இப்படித் தவற மாட்டான். தவறினாலும் எல்லாக் கலத்திலும் ஒரே மாதிரி தவறுவான்.

வேறொன்றும் அவர் கண்ணில் பட்டது. தம் நாட்டில் எழுதுகிற அதே எழுத்துகள்தாம் இவை. ஆனால் நடுநடுவே தமக்குப் பழக்கமில்லாத உருவங்கள். தம் மொழியில் இல்லாத ஒலிகளுக்கு இவர்கள் வடிவம் வைத்திருந்தார்கள். தம் மொழியில் உள்ள சில எழுத்துகள் எந்தக் கலத்திலும் காணவில்லை. இவர்களுக்கு அவை தேவைப்படவில்லை. யாரோ கொடுத்த சட்டையை அப்படியே போட்டுக்கொண்டவர்கள் செய்கிற காரியமல்ல அது. தன் உடம்புக்கு வெட்டித் தைத்துக்கொண்டவர்கள் செய்கிற காரியம்.

கடைசியாக எடுத்த கலத்திலும் அப்படி ஓர் உருவம் இருந்தது. சிறிய, நெருக்கமான எழுத்து. கூட்டிப் படித்தார். ‘கொற்றி.’

மாலையில் ஊரார் கலங்களை எடுக்க வந்தார்கள். பிரித்து வைத்திருந்ததால் நின்று தேடவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் குனிந்தார்கள், ஒரு பார்வை பார்த்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். சாத்தனின் மருமகள், ஆதன் கலத்தைத் தூக்கப்போன ஒருவனிடம், உங்கள் வீட்டு ஓட்டைச் சட்டிக்கு இது மாற்றா என்று கேட்டுச் சிரித்தாள். அவர்கள் படிக்கிறார்கள் என்பதே அவர்கள் முகத்தில் தெரியவில்லை. வழியில் பள்ளம் பார்த்துக் கால் வைப்பது போலப் படித்தார்கள்.

அந்துவன் கடைசியில் வந்தார். வசுபூதி அந்தக் கலத்தை இரு கையாலும் எடுத்து நீட்டினார்.

“இதை எழுதியது யார்?”

“அவளேதான் அடிகளே. ஊசியால் கீறிக்கொண்டிருந்தாள். நம் வீட்டுச் சட்டியை யார் திருடப்போகிறார்கள் என்று நான் கேலி செய்தேன். திருட்டுக்கு இல்லை, ஊர் விருந்து என்றால் கலம் பத்து வீட்டுக்குப் போகும், திரும்பிவர அதற்கு வழி தெரிய வேண்டாமா என்றாள்.”

அவர் கலத்தை மேல்துண்டால் துடைத்துக்கொண்டார்.

வசுபூதி எழுந்தார். தண்ணீர் மொண்டு வந்து, முகப்பில் ஏறி நின்று, தம் செங்காவி வரியை முதலிலிருந்து கடைசி வரை தாமே கழுவினார். சிவப்பு நீர் பாறையில் வழிந்து இறங்கியது. கண்ணந்தை உளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லும், எழுதுகிறேன்” என்றார் வசுபூதி, அந்துவனைப் பார்த்து.

இயக்கனார் குறுக்கே பேசினார். “காவியை அவரிடம் கொடும்.”

அந்துவன் தயங்கினார். கணக்குக் கீறிய கை, பாறைக்குப் பழக்கமில்லை என்றார். ஆனாலும் ஏறினார். எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கோணிய எழுத்து கோணியபடியே நின்றது. வரி ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கியது.

‘ஆலங்கரை உப்பு வணிகன் அந்துவன் கொற்றிக்குச் செய்வித்த பள்ளி.’

கீழே நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக அதை வாய்விட்டுப் படித்தார்கள். ஒருவருக்கும் ஒருவர் படித்துக் காட்டவேண்டியிருக்கவில்லை. கொற்றி என்ற பேர் வந்தபோது சாத்தனின் மருமகள் மட்டும் நிறுத்தி, இன்னொரு முறை சொன்னாள்.

கண்ணந்தை சாரத்தில் ஏறி உளியை எடுத்தான். வசுபூதிக்கு மனம் கேட்கவில்லை. ஆசானின் அருகில் வந்து குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

“சொல் அவருடையதாகவே இருக்கட்டும் அடிகள். எழுத்தை மட்டும் கொஞ்சம் நேராக்கிவிடுகிறேன். கல்லில் என்றைக்கும் இருக்கப்போகிறது அல்லவா?”

“என்றைக்கும் இருக்கப்போவதால்தான் வேண்டாம்” என்றார் இயக்கனார். “உம் கையைப் பார்க்கிறவன், இங்கே ஓர் எழுத்தர் வந்து தங்கினார் என்பான். இந்தக் கையைப் பார்க்கிறவனுக்கு ஆலங்கரை தெரியும்.”