வலம் என்ற சொல்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன. மக்தபில் குர்ஆன் ஓத வரும் பிள்ளைகளுக்காகத் தாம் செய்த ஏழு நிமிடக் காணொளியை ருகையா முதன்முதலாகப் போட்டுக் காட்டினார்.

ஐம்பத்தாறு வயதில் ஓத வந்தவர் ருகையா. அவருக்கு ஓதிக் கொடுக்கும் மைமூன் ஆபாவோ பதினெட்டு வயது இளையவர். வயதுக்கு மரியாதையாக ஆபா அவரை, அக்கா என்னும் பொருளில், ‘ராத்தா’ என்பார். கல்விக்கு மரியாதையாக ருகையா ஆசிரியையை ‘ஆபா’ என்பார்.

படத்தில் முகங்களே இல்லை. மனிதர்களெல்லாம் வெட்டிய காகிதப் பொட்டுகள். தண்ணீர் தேடி ஓடிய அன்னை ஹாஜராவையும் வரையவில்லை; ஸஃபா, மர்வா என்னும் இரு குன்றுகளும் அவற்றிடையே ஏழு ஓட்டமும் மட்டுமே. பொட்டுகளை ஒரு நெல்லளவு நகர்த்துவது, கைப்பேசியில் ஒரு படம் எடுப்பது, மறுபடி நகர்த்துவது. இரண்டு மாதம் அப்படியே கழிந்தது.

குரல் அவருடைய கணவர் இலியாஸினுடையது. இருவரும் ஹஜ் முடித்துத் திரும்பிய வாரம், அண்டை வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி அவர் சொன்னதை ருகையா கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தார். அவர் கண் மூடி மௌத்தாகி மூன்றாண்டுகள் ஆகின்றன. இருமலும் சிரிப்புமாக அந்தக் குரல் அறையை நிறைத்தது.

“முதல்ல இஹ்ராம். ஆம்பளைக்குத் தைக்காத ரெண்டு வெள்ளைத் துணி. பொம்பளைக்கு வழக்கமான உடைதான்; முகம் மட்டும் மூடக்கூடாது. மனசுல எண்ணி நிய்யத்து வச்சு, ‘வந்துட்டேன் இறைவா’ன்னு லப்பைக் சொல்லணும். மக்காவுல கஃபாவை ஏழு தரம் வலம் வரணும், அதுதான் தவாஃப். அப்புறம் ஸஃபா மர்வாவுக்கு நடுவுல ஏழு தரம் ஸயீ. முடியைக் குறைச்சா உம்ரா முடிஞ்சுச்சு. துல்ஹஜ் மாசம் எட்டுல மறுபடி இஹ்ராம் கட்டி மினா. ஒன்பதுல அரஃபா. அதுதாம்மா ஹஜ்ஜே! பொழுது சாயுற வரை இறைவன்கிட்ட கேட்கிற துஆதான். ராத்திரி முஸ்தலிஃபாவுல கடலையளவு கல் பொறுக்கணும். பத்துல சைத்தானுக்கு எறியுற பெரிய தூணுக்கு மட்டும் ஏழு கல். பிறகு குர்பானி, தலைமுடி, மறுபடி தவாஃப், ஸயீ. அடுத்த நாள்கள்ல மூணு தூணுக்கும் ஏழேழு கல். ஊர் திரும்புமுன்ன விடை சொல்லி ஒரு தவாஃப்.”

படம் முடிந்தது. பிள்ளைகள் துள்ளி எழுந்து, நடுவிலிருந்த மேசையைச் சுற்றத் தொடங்கினார்கள். மேசை அவர்களுடைய வலக்கைப் பக்கம் இருந்தது.

“ஏன் இந்தப் பக்கம்?” என்றார் ஆபா.

“படத்துல அப்படித்தானே போறாங்க!” என்றாள் எட்டு வயது ஸுமையா. “வலம்னா வலப்பக்கம். நல்ல காரியம் எல்லாம் வலக்கைதானே, ஆபா? இடக்கையால முறுக்குத் தின்னதுக்கே நீங்க ஏசினீங்க!”

பிள்ளைகள் சிரித்தார்கள். ருகையா சிரிக்கவில்லை.

“ஏதும் தப்பா, ஆபா?”

ஆபா மேசையருகே வந்தார். பிள்ளைகளை ஓரமாக உட்காரச் சொன்னார்.

“ராத்தா, கண்ணை மூடுங்க. அன்னைக்குக் கஃபாவுல நடந்த மாதிரி இந்த மேசையைச் சுற்றி நடங்க.”

ருகையா கண்களை மூடினார். காலடியில் குளிர்ந்த பளிங்கு. ஹஜருல் அஸ்வத் என்னும் கருங்கல் மூலையில் கை உயர்த்தித் தொடங்கிய முதல் சுற்று. நெருக்கும் தோள்களைத் தம் தோளால் தாங்கியபடி வெளிப்பக்கம் இலியாஸ். “கையை விட்டுறாதே புள்ளே, அஞ்சாவது சுற்று, எண்ணு!” “நாலு!” “அஞ்சுடி!” ஹரம் பள்ளியிலும் ஓயாத அந்த வழக்கு. ருகையாவின் உதடு மலர்ந்தது.

கண் திறந்தபோது மேசை அவருடைய இடப்பக்கம் இருந்தது.

மெதுவாக அமர்ந்தார். படத்தில் மூன்று தவாஃபிலும் பொட்டுகள் எதிர்த்திசையில் சுற்றின.

“வலம்னு அவர் சொல்லச் சொல்ல, என் கை கஃபாவை வலப்பக்கம் வச்சே பொட்டை நகர்த்திருச்சு, ஆபா. போய் வந்தவளுக்கே இப்படி!”

“படத்தைத் திருத்தலாமா?”

“ஒன்பது நாளும் உட்கார்ந்தா முடிச்சிரலாம். ஆனா அந்தச் சொல்லு? அதைக் கேட்கிற பிள்ளைங்க மறுபடி இப்படித்தான் சுத்தும்.” அவர் கைப்பேசியைப் பார்த்தார். “வெட்டச் சொல்றீங்களா? அவர் பேசினதுன்னு எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்.”

ஆபா கைப்பேசியை எடுத்து, வலம் என்று வரும் அந்த இடத்தை மட்டும் இருமுறை கேட்டார்.

“அவர் இங்கே மூச்சு வாங்க நிறுத்துறாரு.”

“இருமல் வந்துச்சு. அதனால.”

“தவாஃபுல அவர் வெளிப்பக்கம் நடந்தாருல்ல?”

“ஆமா, ஆபா.”

“அவருக்கும் கஃபாவுக்கும் நடுவுல யார் நடந்தது?”

“நான்தான்.”

“இந்த மூன்றாண்டுல இதை எத்தனை தரம் கேட்டிருப்பீங்க, ராத்தா! அவர் நிறுத்துற இடத்துல, பக்கத்துல நடந்தவங்க குரலை மட்டும் காணோமே.”

ருகையா கைப்பேசியை வாங்கி, அந்த இருமலின் இடைவெளியில் சேர்க்கத் தம் குரலைப் பதியத் தொடங்கினார்: “கஃபா நம்ம இடக்கைப் பக்கம் இருக்கணும், பிள்ளைங்களா.”